திரும்பத் திரும்பப் பார்த்த அந்த ஒரு நிமிடம்

அடுத்த வீடியோவுக்கு என்ன விஷயம் எடுப்பது என்று தெரியாமல் மற்றவர்களின் சேனல்களை மேய்கிற யூடியூபர்கள் பலர். தங்களுடைய பழைய வீடியோவின் ரிடென்ஷன் கோட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். பாதி வேலை முடிந்துவிடும்.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு வீடியோவைத் திறந்து அனலிட்டிக்ஸ் பக்கம் போனால் இந்தக் கோடு தெரியும். வீடியோவின் ஒவ்வொரு கட்டமும், மொத்த வியூஸில் எத்தனை சதவீதம் முறை ஓடியது என்று அது காட்டுகிறது. முதல் அரை நிமிடத்தில் மளமளவென்று இறங்கும், அப்புறம் மெதுவாகச் சரியும். பாதியில் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதால் இறங்குவதுதான் அதன் இயல்பு. நடுவில் எங்காவது மேலே ஏறினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: பார்த்தவர்கள் பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள், அல்லது முன்பகுதியைத் தாண்டி நேரே அங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். தனி வீடியோவுக்கு விதை முதல் வகையில்தான் அதிகம்.

ஒரு தையல் சேனலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு நிமிட பிளவுஸ் கட்டிங் வீடியோ, 8,000 வியூஸ். 5:40-இல் கோடு 38 சதவீதத்தில் நிற்கிறது. 5:55-இல் 47-க்கு ஏறுகிறது. 6:30-இல் 36-க்கு வந்துவிடுகிறது. மேடு இல்லாவிட்டால் உச்சியில் கோடு சுமார் 37-இல் இருந்திருக்கும். அதாவது பத்து சதவீதம் கூடுதல். அந்த இடம் ஏறக்குறைய 800 முறை அதிகமாக ஓடியிருக்கிறது. 800 பேர் என்று அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது. ஒருவரே ஐந்து முறை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

அங்கே என்ன நடக்கிறது? முன்பக்க ஆர்ம்ஹோலைப் பின்பக்கத்தைவிட அரை இன்ச் கூடுதலாகக் குழித்து வெட்டச் சொல்லிவிட்டு, சாக்பீஸால் ஒரே வீச்சில் வளைவைப் போட்டுவிடுகிறார் அந்த அக்கா. வளைவு எங்கே திரும்புகிறது என்பது கண்ணில் படுவதற்குள் கத்தரி வந்துவிடுகிறது. செல்போனில் திரையின் இடப்பக்கத்தை இரண்டு தட்டு தட்டினால் வீடியோ பத்து நொடி பின்னால் போகும். அதனால் மேடு தொடங்குகிற இடம், சிக்கல் இருக்கிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே இருக்கும். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஓ, இன்ச் டேப் பிடிக்கிறதைப் பார்க்கிறாங்க போல" என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். மேடு முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஏமாற்றும் மேடுகளும் உண்டு. மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருந்தால், அனேகமாக விளம்பரப் பேச்சைத் தாண்டி வந்தவர்கள் அங்கே இறங்கியிருக்கிறார்கள். சரியாக ஒரு சாப்டர் தொடங்கும் நொடியில் கோடு செங்குத்தாக எழுந்தால் அது சாப்டரைத் தட்டி வந்த கூட்டம். யாராவது கமென்டில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். அளவுப் பட்டியலை இரண்டு நொடி காட்டிவிட்டு மறைத்திருந்தால், பின்னால் இழுத்தது ஆர்வத்தால் அல்ல, படிக்க நேரம் போதாததால். அதற்குத் தனி வீடியோ தேவையில்லை. பட்டியலை டிஸ்கிரிப்ஷனில் போட்டால் தீர்ந்தது. வியூஸ் ஐம்பதே இருந்தால் இரண்டு மூன்று பேரே ஐந்து சதவீத மேட்டை உண்டாக்கிவிடுவார்கள். அதை நம்பிக் கேமராவை எடுக்க வேண்டாம்.

ஆர்ம்ஹோல் மேட்டுக்கு முன்னால் பள்ளம் இல்லை, சாப்டரும் இல்லை. கமென்டில் "கை தூக்கினா பிளவுஸ் இழுக்குதுக்கா, ஏன்?" என்கிற மாதிரிக் கேள்விகள் வேறு வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வெட்டி மறுபடி ஏற்றினால் பயனில்லை. புரியாமல்தானே அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்! புது வீடியோவில் வளைவை மெதுவாக, புள்ளி வைத்துப் போட வேண்டும். 32, 36, 40 அளவுகளுக்குத் தனித்தனியே போட்டுக் காட்டி, குழிவு குறைந்தால் எங்கே இழுக்கும், கூடினால் எங்கே சுருக்கம் விழும் என்று உடுத்திக் காட்டலாம். பழைய வீடியோவில் மேடு இறங்கத் தொடங்கும் நொடியில் இதற்கு ஒரு கார்டு வைத்தால், சந்தேகம் தீராதவர்கள் அங்கிருந்தே இங்கே வருவார்கள்.

ஒரு வரம்பு மட்டும் நினைவில் இருக்கட்டும். கோடு பேசுவது ஐந்தரை நிமிடம் வரை பொறுமையாக இருந்தவர்களைப் பற்றித்தான். பிளவுஸே வெட்டத் தெரியாமல் முதல் நிமிடத்தில் போனவர்களுக்கு ஆர்ம்ஹோல் ஒரு பொருட்டே அல்ல. புது வீடியோ அவர்களுக்கும் போய்ச் சேருமா என்பதை, வியூஸ் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய வீடியோவின் கார்டிலிருந்து மட்டுமே வந்தால் அது இருக்கிற வாசகர்களுக்கான பின்னிணைப்பு. யூடியூப் தேடலிலிருந்தும் வந்தால்தான் அது சொந்தக் காலில் நிற்கிற வீடியோ.