பொதி விழுந்த பின் ட்ரோன் என்ன செய்யும்?

2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில், லெனாக்ஸ் ஹெட் கடற்பகுதியில், பதின்வயதுப் பையன்கள் இருவர் பெரிய அலைகளில் சிக்கிக்கொண்டார்கள். கரையிலிருந்து சுமார் 700 மீட்டர் தூரம். உயிர்காப்பாளர்கள் கையில் ஒரு ட்ரோன் இருந்தது. 70 நொடிக்குள் அது பையன்களின் தலைக்கு மேலே போய், தண்ணீர் பட்டதும் காற்று நிரம்பி விரியும் மிதவை ஒன்றைப் போட்டது. இருவரும் அதைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள்.

செய்திகளில் வந்தது மிதவை விழுந்த காட்சி. ட்ரோனை வடிவமைப்பவருக்கு அதே நொடியில் இன்னொரு கவலையும் உண்டு. பொதி கீழே போனதும் ட்ரோனின் எடை மாறுகிறது, ஈர்ப்பு மையம் மாறுகிறது, மோட்டார்களின் வேலைப்பங்கீடும் மாறுகிறது. சுமையோடு பறப்பது ஒரு விமானம், சுமை இறங்கிய பின் பறப்பது வேறொரு விமானம். இரண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் கட்டும் அளவிலான நான்கு மோட்டார் ட்ரோன் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தில் மோட்டாருக்கு மோட்டார் 450 மில்லிமீட்டர். பேட்டரியோடு எடை 1,600 கிராம். ஈர்ப்பு மையம் சரியாக நடுவில். முழு வேகத்தில் ஒரு மோட்டார் 16 வோல்ட்டில் 900 கிராம் தூக்கும், நான்கும் சேர்ந்தால் 3,600. எடையைப்போல இரண்டேகால் மடங்கு; நல்ல கையிருப்புதான். இதில் 300 கிராம் மருந்துப் பொதியையும், அதைப் பிடித்து விடுவிக்க 80 கிராம் கருவியையும் சேர்த்தால் மொத்தம் 1,980 கிராம். கையிருப்பு 1.8 மடங்காக இறங்குகிறது.

பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 16 வோல்ட் என்பது பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருக்கும்போது மட்டுமே. பறக்கப் பறக்க அது 14 வோல்ட்டுக்கு வந்துவிடும். உந்துவிசை ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடிப்படி குறைவதால், 3,600 கிராம் என்பது 2,750 அளவுக்குச் சரிகிறது. அப்போது கையிருப்பு 1.4 மடங்கு கூட இல்லை. காற்று வீசும்போது நிமிரவும், வேகமாக இறங்கி நிற்கவும் மிச்சம் இருக்கிற அந்தச் சிறு பங்குதான் உதவ வேண்டும். உந்துவிசைக் கணக்கைப் பயணத்தின் தொடக்கத்தை வைத்து அல்ல, கடைசி நிமிடத்தை வைத்துப் போட வேண்டும்.

இனி ஈர்ப்பு மையம். சட்டகத்தின் அடிவயிற்றைப் பேட்டரி அடைத்துக்கொண்டிருப்பதால், பலரும் கொக்கியை மூக்குப் பக்கம் மாட்டுகிறார்கள். நம் ட்ரோனில் கருவியும் பொதியும் நடுவிலிருந்து 100 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதாக வைப்போம். 380 கிராமை 100-ஆல் பெருக்கி மொத்த எடை 1,980-ஆல் வகுத்தால், ஈர்ப்பு மையம் 19 மில்லிமீட்டர் முன்னே போயிருப்பது தெரியும். விரல் அகலம்தானே என்று விட்டுவிடலாமா? முன் மோட்டார் ஒவ்வொன்றும் இப்போது 555 கிராம் சுமக்கிறது. பின் மோட்டார் 435 மட்டுமே. பேட்டரி இறங்கிய நிலையில் ஒரு மோட்டாரால் 690 கிராம்தான் முடியும். ஆக, முன் மோட்டார்களின் கையிருப்பு 1.25 மடங்குக்குள் வந்துவிடுகிறது. ஒரு ட்ரோனின் உண்மையான கையிருப்பு அதன் மொத்தத் தூக்குவிசையில் இல்லை. அதிகம் உழைக்கும் மோட்டாரிடம்தான் இருக்கிறது.

இதற்கு எளிதாகத் தோன்றும் மருந்து, பேட்டரியைப் பின்னால் நகர்த்துவது. 450 கிராம் பேட்டரியை 84 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் தரையில் சமநிலை கச்சிதமாக வந்துவிடும். பொதி விழும்வரை எல்லாம் சரி. விழுந்ததும் ஈர்ப்பு மையம் 18 மில்லிமீட்டர் பின்னே போய் நிற்கும். முன்பக்கத் தொல்லையைப் பின்பக்கத்துக்கு மாற்றியதுதான் மிச்சம்.

அதோடு விமானக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஞாபகமும் சேர்ந்துகொள்கிறது. மூக்கு கனமாக இருப்பதை உணர்ந்து, அது சில நொடிகளில் முன் மோட்டார்களுக்குக் கூடுதல் விசை கொடுக்கப் பழகியிருக்கும். இடுப்பில் நிறைகுடத்தோடு நடப்பவர் மறுபக்கம் சாய்ந்தே நடப்பார். குடத்தைச் சட்டென்று பிடுங்கினால் சாய்ந்த பக்கமே தள்ளாடுவார். ட்ரோனும் அப்படித்தான், பொதி போன கணத்தில் மூக்கைத் தூக்கிப் பின்னே ஓடப் பார்க்கும். கூடவே, 1,980 கிராமுக்கான விசை 1,680 கிராமைத் தள்ளுவதால் மேலேயும் எகிறும்.

மேலே எகிறுவதைத் தவிர்க்க முடியாது. கட்டுப்பாட்டுக் கருவியே சீக்கிரம் அதை அடக்கிவிடும். மூக்கு தூக்குவதை அடியோடு தவிர்க்கலாம். பேட்டரியை மேல்தட்டுக்கு மாற்றி, கொக்கியை ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே, சட்டகத்தை ஒட்டியே வைத்தால் போதும். கயிற்றை நீளமாக விட்டால் பொதி ஊசலாடும், ட்ரோனையும் சேர்த்து ஆட்டும். இரண்டு கொக்கிகளில் மாட்டுவதும் வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று விடாமல் போனால், எந்தக் கணக்கிலும் வராத ஒரு கோணல் சுமையோடு ட்ரோன் திண்டாடும்.

கொக்கிக்கு எளிய, நம்பகமான வடிவம் ஊசிதான். ஒரு சின்னத் தாங்கியின் இரண்டு காதுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் எஃகு ஊசி ஓடுகிறது. பொதியின் கயிற்று வளையம் அதில் தொங்குகிறது. சர்வோ மோட்டார் ஊசியை இழுத்தால் வளையம் நழுவி விழும். எடையைத் தாங்குவது காதுகள். உராய்வை மீறி இழுப்பது மட்டுமே சர்வோவின் வேலை. 9 கிராம் சர்வோவே அதற்குப் போதும். ஒரே காதில் ஊசியை நீட்டிவிட்டால் சுமையில் அது வளைந்து துளையில் இறுகும். இறுகிய ஊசியை இழுக்கும் சர்வோ மின்சாரத்தை உறிஞ்சும். கட்டுப்பாட்டுக் கருவிக்கும் அதே 5 வோல்ட் வழி என்றால், மூளையே ஒரு கணம் அணைந்து போகலாம். அதனால் சர்வோவுக்குத் தனி மின்வழி வேண்டும்.

ஆர்டுபைலட் மென்பொருளில் இதற்கு நான்கு வரிகள் போதும். இங்கே சர்வோ ஒன்பதாம் வெளியீட்டில், ரிமோட்டின் சுவிட்ச் ஏழாம் சேனலில்:

```
GRIP_ENABLE 1
GRIP_TYPE 1
SERVO9_FUNCTION 28
RC7_OPTION 19
```

பிடிக்கும் நிலையையும் விடும் நிலையையும் GRIP_GRAB, GRIP_RELEASE என்ற எண்களில் அளந்து வைக்க வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் சர்வோ ஒரு துடிப்புத் துடிக்கலாம். எனவே பொதியை அதற்குப் பிறகே மாட்டுவது நல்லது.

கணக்கு சரியா என்பதை ட்ரோனே சொல்லும். சுமையோடு இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்தி, இறக்கி, பறப்புப் பதிவில் RCOU பகுதியைப் பார்க்க வேண்டும். C1, C3 முன் மோட்டார்கள். C2, C4 பின் மோட்டார்கள். காற்றில்லாத நேரத்தில் நான்கு கோடுகளும் நெருங்கியே ஓட வேண்டும். முன்ஜோடி மட்டும் மேலே போனால் கொக்கி நடுவில் இல்லை. பேட்டரி இறங்க இறங்க நான்கும் ஏறி, உச்ச எல்லையான 2,000-ஐ நெருங்கினால் பொதி அதிகம். பிறகு அதே உயரத்தில் பொதியை விழவிட்டு இன்னொரு பதிவு எடுத்துப் பார்த்தால், மூக்கு எவ்வளவு தூக்கியது என்பதும் கோணமாகத் தெரிந்துவிடும்.

ஊசி சிக்கி, பொதி விழவே இல்லையென்றால்? ட்ரோன் அதே 1,980 கிராமோடு, இறங்கிய பேட்டரியோடு வந்த தூரம் முழுதும் திரும்பித் தரையிறங்க வேண்டியிருக்கும். பொதி வழியில் விழுந்துவிடும் என்று நம்பித் திரும்பும் பயணத்தை லேசான எடைக்குக் கணக்கிட்டிருந்தால், அங்கேதான் மாட்டிக்கொள்ளும். நம் ட்ரோனில் பொதியை 200 கிராமாகக் குறைத்து, பேட்டரி 14.8 வோல்ட்டுக்கு வரும்போதே இறங்கிவிடுவது என்று வைத்தால், பொதி விழாத நிலையிலும் 1.6 மடங்குக்கு மேல் கையிருப்பு நிற்கிறது. அதற்கு விலை, பறக்கும் நேரத்தில் சில நிமிடங்கள்.