மயில்துத்தத்தின் ஐந்து நீர்: வெப்ப எடைப் பகுப்பாய்வு வளைகோட்டைப் படிக்கும் முறை

முன்னுரை

மயில்துத்தம் எனத் தமிழ் மருத்துவ மரபு வழங்கும் நீலப் படிகம் வேதியியலில் செம்புச் சல்பேட்டு எனப்படும். அதன் வாய்பாடு CuSO4·5H2O என்பதாகும். புள்ளியின் வலப்புறத்தில் நிற்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்தின் மேல் ஒட்டிய ஈரம் அல்ல. படிகத்தின் கட்டமைப்பிலேயே இடம்பெற்றவை. ஆதலின் இதனைப் படிகநீர் என்பர். பொடித்த மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் மங்கி வெண்பொடி எஞ்சும். அவ்வெண்பொடியில் ஒரு துளி நீர் விட்டால் நீலம் மீளும். மயிலின் நிறத்தால் பெயர் பெற்ற பொருள் அந்நிறத்திற்கே நீரைச் சார்ந்திருக்கிறது என்பது கருதத்தக்கது.

அந்த ஐந்து என்னும் எண்ணை எவ்வாறு அறிகிறோம்? அதனை அறியும் வழிகளுள் வெப்ப எடைப் பகுப்பாய்வு ஒன்று. இம்முறை தரும் வளைகோட்டில் நீரின் எண்ணிக்கையை உறுதியாகப் படிக்கலாம். ஆனால் எந்த நீர் எங்கே இருந்தது என்பதை அதிலிருந்து படிக்க இயலாது. இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் ஒரு சொல்லாய்வும்

கருவியின் அமைப்பு எளியது. நுண்ணிய தராசின் ஒரு தட்டு சிற்றுலை ஒன்றினுள் தொங்குகிறது. தட்டிலுள்ள பொருளை ஒரே சீராகச் சூடேற்றியவாறே அதன் எடையை இடையறாது பதிவு செய்கின்றனர். யப்பானியரான கோத்தாரோ ஹோண்டா 1915ஆம் ஆண்டில் இத்தகைய கருவி பற்றி எழுதிய கட்டுரையில் அதனை வெப்பத்தராசு என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். இன்றைய கருவிகளில் பத்து மில்லிகிராம் அளவுள்ள பொருளே போதுமானது. உலர்ந்த நைட்ரஜன் வாயு உலையினூடே மெல்லச் செல்ல, வெப்பநிலை நிமிடத்திற்கு 5 அல்லது 10 பாகை செல்சியஸ் வீதம் உயரும். கிடைமட்டத்தில் வெப்பநிலையையும் செங்குத்தில் எஞ்சிய எடையையும் குறித்தால் மாடிப்படி போல் இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கிறது.

இங்கே சொல்லாட்சி குறித்து ஒன்று கூறலாம். நிறை, எடை என்னும் இரு சொற்களையும் நாம் பேச்சில் ஒரு பொருளிலேயே ஆள்கிறோம். அறிவியல் தமிழ் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வீண்போகவில்லை என்பதற்கு இக்கருவியே சான்று. உலை சூடேறும்போது உள்ளிருக்கும் வாயு விரிந்து அடர்த்தி குறைகிறது. வாயு தட்டினை மேல்நோக்கித் தாங்கும் விசையும் அதனால் குறைகிறது. எனவே தட்டில் ஏதும் கூடாத நிலையிலும் தராசு சற்றே கூடுதல் எடையைக் காட்டும். மாறியது எடை; நிறை மாறவில்லை. இம்மாற்றம் மில்லிகிராமில் நூற்றில் சில பங்கே எனினும், பத்து மில்லிகிராம் பொருளில் அதனைப் பொருட்படுத்தாதிருக்க முடியாது. ஆகவே வெறுந்தட்டை முதலில் அதே வேகத்தில் சூடேற்றிப் பெற்ற கோட்டைப் பின்னர்ப் பொருளின் கோட்டிலிருந்து கழிக்கின்றனர்.

படிகளைப் படித்தல்

ஒரே வகை நாணயங்கள் நிறைந்த பையை எண்ணாமலே, பையின் நிறையை ஒரு நாணயத்தின் நிறையால் வகுத்து எண்ணிக்கையைக் கூறிவிடலாம். இங்கும் அதே கணக்குத்தான். நீரற்ற செம்புச் சல்பேட்டின் ஒப்பு நிறை 159.61, நீரின் ஒப்பு நிறை 18.015. ஐந்து நீரையும் சேர்த்தால் முழுப் படிகத்தின் நிறை 249.69 ஆகும். எனவே படிகத்தின் நிறையில் 36.08 விழுக்காடு நீர். ஒவ்வொரு நீரின் பங்கு ஏறத்தாழ 7.2 விழுக்காடு.

ஓர் அளவீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தட்டில் இட்டபோது பொருளின் நிறை 12.60 மி.கி. சூடேற்றம் தொடங்கியவுடன் கோடு சற்றே சரிந்து 12.48 மி.கி. அளவில் நிலைகொள்கிறது. பின்னர் முதற்படி இறங்கி 10.69 மி.கி. ஆகிறது. 100 பாகையை ஒட்டி இரண்டாம் படி தொடர்ந்து 8.89 மி.கி. அளவில் ஒரு நீண்ட சமதளம் அமைகிறது. 200 பாகையைக் கடந்த பிறகே மூன்றாம் படி இறங்கி 7.98 மி.கி. என நிற்கிறது.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் வளைகோட்டின் தொடக்கம் அன்று, அதன் அடித்தளம் என்பது என் கருத்து. தொடக்க நிறையில் ஈரமும் கலந்திருக்கலாம், எஞ்சிய 7.98 மி.கி. வெண்பொடியோ நீரற்ற உப்பு மட்டுமே. அதனை 159.61 ஆல் வகுக்க 0.0500 கிடைக்கிறது. மூன்று படிகளிலும் இழந்தவை முறையே 1.79, 1.80, 0.91 மி.கி. இவற்றை 18.015 ஆல் வகுத்து, வருவதை மீண்டும் 0.0500 ஆல் வகுத்தால் 1.99, 2.00, 1.01 என வருகிறது. அதாவது இரண்டு, இரண்டு, ஒன்று, கூடுதல் ஐந்து. இடைச் சமதளங்களில் நிற்பவை மூன்று நீருடைய உப்பும் ஒரு நீருடைய உப்பும் ஆகும்.

தொடக்கத்தில் சரிந்த 0.12 மி.கி. மேற்பரப்பு ஈரம். அதனையும் படிகநீராகக் கொண்டிருந்தால் விடை 5.13 என வந்திருக்கும். அதை ஐந்து என முழுமையாக்கிவிட்டு நகர்வது எளிது. ஆயினும் 0.13 என்னும் அம்மிகுதி எங்கிருந்து வந்தது எனக் கேட்பவரே வளைகோட்டைப் படிப்பவர்.

இக்கணக்கில் மறைந்திருக்கும் எடுகோள் ஒன்று உண்டு. எஞ்சியது CuSO4 என்பதை நாம் முன்னரே ஏற்றுக்கொண்டுள்ளோம். தராசு அதனைக் கூறவில்லை. இதனைச் சரிபார்க்க உலையை மேலும் சூடேற்றலாம். 600 பாகையைக் கடந்த பின் நீரற்ற உப்பும் சிதைந்து, முடிவில் கருநிறச் செம்பு ஆக்சைடு மட்டும் எஞ்சும். அதன் ஒப்பு நிறை 79.55. நம் கணக்குச் சரியெனில் 7.98 மி.கி. வெண்பொடி 3.98 மி.கி. கரும்பொடியாக வேண்டும். அவ்வாறு வந்தால் அடித்தளம் உறுதிப்படுகிறது. இச்சோதனைக்கு அலுமினியத் தட்டு ஆகாது. அது 660 பாகையில் உருகிவிடும். அலுமினாத் தட்டே தகும்.

பிழை புகும் இடங்கள்

முழு எண் வராதபோது பிழையின் வகையைப் படிகளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. மயில்துத்தம் உலர்ந்த காற்றில் நெடுநாள் இருந்தால் மேற்பரப்பில் நீரை இழந்து வெளிறும். அத்தகைய பொருளில் மொத்த எண்ணிக்கை 4.6 என்பது போல் வரும். அப்போது 2:2:1 என்னும் விகிதத்தை நோக்கினால், முதற்படி மட்டும் குறுகி 1.6 ஆகவும் ஏனைய இரு படிகள் 2, 1 என மாறாமலும் இருக்கும். காரணம் எளிது. முன்னரே வெளியேறிய நீர் முதற்படிக்குரியது. பிற்படிகளுக்குரிய நீர் எங்கும் போகவில்லை. மாறாக, பொருள் ஈரமாயிருந்தால் முதற்படி நீளும். ஈரம் தனிச் சரிவாகத் தெரிந்தால் நல்லது. ஆனால் உலர்ந்த நைட்ரஜனில் படிகநீரும் 50 பாகைக்கு முன்பின்னாகவே வெளியேறத் தொடங்கிவிடுவதால், ஈரம் எங்கே முடிந்தது, முதற்படி எங்கே தொடங்கியது என எல்லை வகுப்பது எப்போதும் கைகூடுவதில்லை. அந்நிலையில் பின்னிரு படிகளை நம்புவதே முறை.

விரைவாகச் சூடேற்றினால் முதலிரு படிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நான்கு நீர் ஒரே மூச்சில் வெளியேறியது போன்ற தோற்றம் அதனால் உண்டாகும். எடை குறையும் வேகத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்த துணைக்கோட்டை நோக்கினால் ஒற்றைப் படியினுள் மறைந்த இரு முகடுகள் புலப்படும். வேகத்தைக் குறைத்தோ, சிறு துளையுள்ள மூடியால் தட்டினை மூடியோ அவற்றைப் பிரிக்கலாம். மூடினால் வெளியேறும் நீராவி உள்ளே தங்கி அடுத்த படியைப் பின்தள்ளுகிறது. ஆகவே படிகளின் வெப்பநிலை கருவிக்குக் கருவி, வேகத்திற்கு வேகம் மாறும். நூலில் கண்ட வெப்பநிலையோடு ஒத்து வரவில்லை என்று கலங்க வேண்டியதில்லை. மாறாதது படியின் உயரமே.

பொடிக்காத பெரிய படிகத்தை இட்டால் உள்ளே அடைபட்ட நீராவி படிகத்தை வெடிக்கச் செய்து துகள்களைத் தட்டுக்கு வெளியே எறியும். அப்போது கோடு கத்தியால் வெட்டியது போல் நேர்க்குத்தாக விழும். நீர் அவ்வாறு வெளியேறுவதில்லை என்பதால் இவ்வீழ்ச்சியை இனங்காண்பது எளிது.

கடைசியாக வெளியேறுவது எந்த நீர்?

1934ஆம் ஆண்டில் பீவர்ஸ், லிப்சன் ஆகிய இருவரும் ஊடுகதிர் கொண்டு இப்படிகத்தின் அமைப்பைக் கண்டறிந்தனர். நான்கு நீர் மூலக்கூறுகள் செம்பு அயனியைச் சுற்றிச் சதுரமாக நேரடிப் பிணைப்பில் உள்ளன. ஐந்தாவது நீர் செம்பைத் தொடவில்லை. ஐதரசன் பிணைப்புகளால் மட்டுமே சல்பேட்டோடும் பிற நீரோடும் கட்டுண்டு நிற்கிறது.

இவ்வமைப்பையும் வளைகோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு விளக்கம் தானாகவே தோன்றிவிடுகிறது: செம்பைச் சூழ்ந்த நான்கும் முதலில் நீங்கின, தனித்து நின்ற ஐந்தாவது நீரே 200 பாகைக்கு அப்பாலும் எஞ்சியது. பாடநூல்கள் பலவற்றில் இவ்விளக்கம் இடம்பெற்றுள்ளது. நான்கும் ஒன்றும் எனப் படிகளைக் கூட்டிப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் இது வளைகோடு கூறாத ஒன்றை அதன்மேல் ஏற்றிக் கூறுவதாகும். ஒரு நீர் மட்டும் எஞ்சிய சமதளத்திலுள்ள உப்பின் அமைப்பைத் தனியே ஆராய்ந்தபோது, அந்நீர் செம்போடு நேரடியாகப் பிணைந்து, இரண்டு செம்பு அயனிகளுக்கு இடையே பாலமாக நிற்பது தெரியவந்தது. மூன்று நீருடைய இடைநிலை உப்பிலும் மூன்று நீருமே செம்பைத் தொட்டு நிற்கின்றன. செம்பிலிருந்து விலகி நிற்கும் நீர் அதில் இல்லை.

அவ்வாறாயின், முதலிரு நீர் நீங்கியபோதே படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டது. செம்பைச் சூழ்ந்த வெற்றிடங்களைச் சல்பேட்டின் ஆக்சிஜன் நிரப்பியது. எஞ்சிய நீர் புதிய இடங்களில் அமர்ந்தது. பழைய படிகத்தின் ஐந்தாவது நீர் எது என்று கேட்பதற்கே அங்கு இடமில்லை. தராசு காண்பது எத்தனை மூலக்கூறுகள் வெளியேறின என்பதை மட்டுமே, 18.015 நிறையுள்ள எல்லா நீரும் அதற்கு ஒன்றே. எஞ்சிய நீர் எங்கே நிற்கிறது என்பதை அறிய, அந்தச் சமதளத்தில் உலையை நிறுத்திப் பொருளை வெளியே எடுத்து, ஈரக்காற்றில் மீண்டும் நீரேறுமுன் ஊடுகதிரின் முன் வைத்தல் வேண்டும்.