சேமிப்புக் கணக்கிலேயே வைப்பு வட்டி

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென நான் சேர்த்து வைத்த பணம் சம்பளக் கணக்கிலேயே கிடந்தது. நிரந்தர வைப்பில் போட்டால் அவசரத்துக்கு எடுக்க வைப்பைக் கலைக்க வேண்டும்; கணக்கிலேயே விட்டால் வட்டி குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் ஸ்வீப்-இன் வசதி. பாரத ஸ்டேட் வங்கியில் இதை ‘மல்டி ஆப்ஷன் டெபாசிட்’ என்பார்கள்.

கணக்கில் இவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு வரம்பு வைக்கப்படும். அதற்கு மேல் உள்ள தொகை தானாகவே வைப்பாக மாறும். பணம் தேவைப்பட்டு இருப்பு போதாவிட்டால், குறைகிற தொகை மட்டும் வைப்பிலிருந்து திரும்பி வரும். பல வங்கிகளில் இது ஆயிரம் ரூபாய் அலகுகளாக நடக்கும். மீதி வைப்பு கலையாது.

என் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இருப்பு 1,60,000 ரூபாய், வரம்பு 40,000. ஆகவே 1,20,000 ரூபாய் ஓராண்டு வைப்பானது. மூன்று மாதம் கழித்துக் கட்டணம் 65,000 ரூபாய். கணக்கில் 40,000 இருந்தது. வைப்பிலிருந்து 25,000 மட்டும் வந்தது. மீதி 95,000 அப்படியே தொடர்ந்தது.

லாபத்தைக் கணக்கிட, சேமிப்பு வட்டி 2.5 சதவீதம், ஓராண்டு வைப்பு வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்த 95,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 5,700. சேமிப்பில் கிடந்திருந்தால் 2,375. முன்கூட்டி எடுத்த 25,000 ரூபாய்க்கு 6 சதவீதம் கிடைக்காது. அது வைப்பில் இருந்த மூன்று மாதத்துக்குரிய விகிதம் 4.5 என்றால், அபராதம் 0.5 போக 4 சதவீதம், அதாவது 250 ரூபாய். சேமிப்பில் 156 ரூபாய்தான் வந்திருக்கும்.

ஆனால் வரம்பு தவறினால் பயன் போய்விடும். மாதச் செலவு 40,000 ரூபாயாக இருக்க, வரம்பை 10,000 என வைத்தால், சம்பளம் வந்ததும் வைப்புக்குப் போகும். சில நாளில் திரும்பி வரும். ஏழு நாளுக்குள் கலையும் வைப்புக்கு வட்டியே கிடையாது. பாஸ்புத்தகத்தில் மாதந்தோறும் பணம் போய்ப் போய்த் திரும்புவது தெரிந்தால் வரம்பை உயர்த்த வேண்டும் என்று பொருள். ஒரு மாதச் செலவுக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

வங்கியில் ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் எடுக்கும்போது எந்த வைப்பு முதலில் கலையும்? கடைசியாகப் போட்டது முதலில் கலைந்தால் பழைய வைப்பு முழு வட்டியோடு முதிரும்.

வரியையும் கவனிக்க வேண்டும். பழைய வரிமுறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஸ்வீப் வைப்பின் வட்டி அதில் சேராது. அது முழுவதும் வருமானத்தில் சேரும்.