குறை தீர்ந்ததை யார் போய்ப் பார்த்தார்கள்?

1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று பொறியாளர்கள் போபாலுக்கு வந்தார்கள். யூனியன் கார்பைடு நிறுவனம் தன் இந்தியத் தொழிற்சாலையின் பாதுகாப்பைத் தணிக்கை செய்ய அனுப்பிய குழு அது. அதற்கு சில மாதங்கள் முன்புதான், 1981 டிசம்பரில், அங்கே பாஸ்ஜீன் வாயுவைச் சுவாசித்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார்.

அந்தக் குழுவின் அறிக்கையை இன்று படித்தால் வயிற்றைக் கலக்கும். வால்வுகள் கசிகின்றன. சில இடங்களில் நிலையான நீர்த்தெளிப்பு அமைப்பு இல்லை. பழகிய ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வடிகட்டிகளைக் கழுவும்போது, மற்றக் குழாய்களுக்குள் எதுவும் புகாமல் தடுக்கச் செருகவேண்டிய இரும்புத் தகட்டைச் செருகாமலே வேலை நடக்கிறது. பாஸ்ஜீன், எம்.ஐ.சி. பிரிவிலிருந்து நச்சு வாயு வெளியேற வாய்ப்பு உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. ஆனால் உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்ற ஆறுதலும் கூடவே இருந்தது.

போபால் நிர்வாகம் ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று திட்டம் எழுதி அனுப்பியது. பின்னர் முன்னேற்ற அறிக்கைகளும் போயின. பெரும்பாலான குறைகள் சரிசெய்யப்பட்டுவிட்டன என்றுதான் விபத்துக்குப் பிறகு நிறுவனம் சொன்னது. ஆனால் 1982க்குப் பிறகு தாய் நிறுவனத்திலிருந்து அப்படியொரு தணிக்கைக் குழு மீண்டும் வந்து நேரில் பார்க்கவில்லை. காகிதம் மட்டுமே கடல் கடந்து போய்வந்தது.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இன்றும் சண்டை. குழாய் கழுவியபோது தகடு செருகப்படாததால் என்றனர் தொழிலாளர் தரப்பினர். யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்றது நிறுவனம். புகுந்த பிறகு என்ன நடந்தது என்பதில் சண்டை இல்லை. தொட்டியைக் குளிரவைக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கவேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. நீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். வாயு வெளியேறிய உயரத்தை அது எட்டவில்லை.

குளிரூட்டியை நிறுத்தியது 1982ஆம் ஆண்டுக் குறைப்பட்டியலில் இருந்த விஷயமல்ல. தணிக்கை முடிந்த பிறகு எடுத்த முடிவு அது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் நேர்மையாகத் தீர்த்து வைத்திருந்தாலும் இந்த ஓட்டை அதில் தெரிந்திருக்காது. குறை தீர்ந்ததா என்று கேட்பதோடு, அதற்குப் பின் ஆலையில் எதை நிறுத்தினீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்றும் தணிக்கையாளர் கேட்பது இதனால்தான்.

போபால் அளவுக்குப் பெரிய ஆலை வேண்டாம். வாகன உதிரிபாகம் செய்யும் சாதாரணப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நானூறு பேர், வரிசையாகப் பவர் பிரஸ்கள். ஆளுக்கு வாரம் 48 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்றால் மொத்தம் 9,60,000 மணி நேர உழைப்பு. வேலைக்கு வர முடியாத அளவுக்கு இரண்டு பேருக்குக் காயம் என்றால், பத்து லட்சம் மணி நேரத்துக்கு 2.08 என்பது அந்த ஆலையின் விபத்து விகிதம். ஒன்றை மறைத்தால் 1.04. ஒரே ஒரு விரலை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் பாதுகாப்பு இரு மடங்கு முன்னேறிவிட்டது!

மறைப்பதற்கு வழியும் எளிது. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்ட காலத்திலிருந்தே உள்ள விதி. அதனால் மறுநாளே கட்டுப்போட்ட கையோடு ஆளை வண்டி வைத்து அழைத்துவந்து, கேண்டீனில் உட்காரவைத்து, வருகைப் பதிவு போட்டுவிடுகிறார்கள்.

இதைப் பிடிக்க விபத்துப் பதிவேட்டை மட்டும் புரட்டிப் பயனில்லை. அனுபவமுள்ள தணிக்கையாளர் அதை மூடிவைத்துவிட்டு வேறு ஏடுகளைக் கேட்பார். முதலுதவி அறையில் கட்டுப்போட்டுக்கொண்டவர்களின் பட்டியல், ஆம்புலன்ஸ் அல்லது கம்பெனி கார் ஆஸ்பத்திரிக்குப் போன பதிவு, ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பிய விபத்து அறிக்கை, ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியல். இவற்றில் உள்ள பெயர் விபத்துப் பதிவேட்டில் இல்லையென்றால் பேச்சு அங்கே தொடங்கும். ஈ.எஸ்.ஐ. அட்டை என்றைக்கு எடுக்கப்பட்டது என்பதையும் பார்ப்பார். ஹரியானாவின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, காயம்பட்டவர்களில் பலருக்கு விபத்து நடந்த பிறகே அந்த அட்டை கிடைத்ததைத் தன் அறிக்கைகளில் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது.

பதிவேட்டில் ஏறிய விபத்துக்கு அடுத்து வருவது தீர்வு. பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதியிருக்கும்: “காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. நடவடிக்கை: விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கப்பட்டது. நிலை: முடிந்தது.” ஆதாரமாக, பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரு தாளும் உட்கார்ந்து கேட்பவர்களின் ஒரு போட்டோவும் இணைத்திருக்கும். கோப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்த பிரஸ்ஸை ஓட்ட இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தவேண்டும். இரு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் எப்படி அச்சுக்குள் போனது? அந்தக் கேள்வி விசாரணை அறிக்கையில் இல்லை. தணிக்கையாளர் இயந்திரத்தின் அருகே போய் நிற்கிறார். ஒரு பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி அதில் ஒரு மரத்துண்டு செருகியிருக்கிறது. ஏன் என்று ஆபரேட்டரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: ஷிப்டுக்கு இத்தனை துண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், இரண்டு கையையும் பொத்தானுக்குக் கொடுத்தால் எண்ணிக்கை வராது. ஆக, பயிற்சி நடந்தது உண்மை. அது தொடவேண்டிய காரணத்தைத் தொடவில்லை. இரண்டு பொத்தானையும் ஒரே சமயத்தில் அழுத்தி, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி விழும் என்று மின்சுற்றை மாற்றியிருந்தால் மரத்துண்டுக்கு வேலையே இருந்திருக்காது. கூடவே துண்டுக் கணக்கையும் குறைக்கவேண்டியிருக்கும். பயிற்சித் தாளைவிட இது நிர்வாகத்துக்குக் கசப்பான மருந்து.

மின்சுற்றை மாற்றிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அன்றே ‘முடிந்தது’ என்று எழுதிவிட முடியாது. மாற்றம் முடிந்தது ஒரு தேதி, அது வேலை செய்கிறது என்று உறுதியானது இன்னொரு தேதி. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஷிப்டில் போய்ப் பார்க்கவேண்டும். பார்ப்பவர் அந்தப் பிரிவின் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. தன் வேலை முடிந்ததென்று தானே கையெழுத்திடுபவரிடம் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு தந்திரம் கெடுத் தேதியில் நடக்கிறது. குறித்த நாளில் வேலை முடியவில்லையென்றால் கணினியில் தேதியைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். மாதக் கூட்டத்தில் காட்டும் படத்தில் எல்லாமே ‘உரிய காலத்தில்’ முடிந்த பச்சை நிறம். முதலில் குறித்த தேதி எங்கே என்று கேட்டால்தான் அது தெரியவரும். மறுஆய்வில் மரத்துண்டு திரும்ப வந்திருந்தால், அதைப் புதுக் குறையாகப் பதியவிடாமல் பழைய எண்ணிலேயே திறக்கச் சொல்வார்கள் விவரம் தெரிந்தவர்கள். புது எண் கொடுத்தால் அந்தக் குறைக்கு வயது ஐந்து நாள். பழைய எண்ணில் பதினொரு மாதம்.