வியர்வை நாளில் நிலைக்கும் மணம்

சித்திரை மாத நடுப்பகலில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வெள்ளிமலை பஸ் புறப்படக் காத்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் மல்லிகை அத்தர் பூசி வந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் நமக்குத் தலை கிறுகிறுக்கிறது. பஸ் கல்வராயன் மலையில் ஏறி மேலே போய்ச் சேரும்போதோ அதே அத்தர் இதமாக மணக்கிறது. சன்னல் காற்றும், இடையில் கழிந்த நேரமும் இதற்குக் காரணந்தான். ஆனால் இன்னொன்றும் உண்டு. 600 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மணத்துக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

மணப்பொருளின் மூலக்கூறு ஆவியாகி மூக்கை அடைந்தால்தான் நமக்கு மணம் தெரியும். சூடு ஏறினால் ஆவியாதல் விரைவாகும். குளிர்ந்த ஊரில் நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் செலவாகும் மணம், நம் ஊரில் முதல் ஒரு மணி நேரத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. முதலில் திகட்டல், பிறகு ஒன்றுமில்லை. "நிற்கவில்லையே" என்று இன்னும் இரண்டு சொட்டுப் பூசுகிறோம், தொல்லை இரட்டிப்பாகிறது.

மல்லிகையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதன் மணத்தில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. சிறு அளவில் அது பூவுக்கு உயிர்ப்பைத் தருகிறது. அளவு மிஞ்சினால் பாச்சை உருண்டை வாடையும், அதற்கு மேலும் போனால் மலவாடையும் வீசும். மூடிய பஸ்ஸில் குமட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எது நிற்கும்? நீராவியால் எண்ணெய் வடிப்பவர்களின் அடுப்பைக் கவனித்தால் விடை கிடைக்கும். எலுமிச்சம்புல்லின் எண்ணெய் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. வெட்டிவேருக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சந்தனக்கட்டைத் தூளுக்கு இரண்டு மூன்று நாள் அடுப்பெரிக்க வேண்டும். வேருக்குள்ளும் மரத்துக்குள்ளும் எண்ணெய் பதுங்கியிருப்பது ஒரு காரணம். மூலக்கூறின் பருமன் மற்றொன்று. புல்லிலுள்ள சிட்ராலில் 10 கார்பன் அணுக்கள். சந்தனத்தின் சாண்டலாலில் 15. பெரிய மூலக்கூறு மெதுவாகத்தான் ஆவியாகும். கொதிகலனை விட்டு வெளியேறத் தயங்குவது தோலை விட்டுப் போகவும் தயங்கும்.

கல்வராயன் மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் மரம் சந்தனம். வெட்டிவேரோ பக்கத்துக் கடலூர்க் கரையோர மணலில் பயிராகிறது. ஆக, நம் வெயிலுக்கு ஏற்றவை நம் அருகிலேயே இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் பூக்களை வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி அத்தர் செய்வதும் இதற்காகவே. ஓடும் மணத்தைச் சந்தனம் சற்றுப் பிடித்து நிறுத்தும். இப்போது சந்தனத்தின் விலை காரணமாகப் பல அத்தர்களுக்கு மணமற்ற கனிம எண்ணெயே அடிப்படை. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

நீண்ட நேரம் நிற்பதெல்லாம் நல்லது என்றும் கொள்ளவேண்டாம். வனிலா மணமும் லேசில் போகாது. ஆனால் அந்தத் தித்திப்பு வியர்வையோடு சேர்ந்தால் பாயசம் புளித்தது போல் ஆகிவிடும் என்பது என் அனுபவம். வெட்டிவேரின் மண்வாசனையில் தித்திப்பு இல்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று காகித நாடாக்களில் எலுமிச்சம்புல் எண்ணெய், மல்லிகை அத்தர், வெட்டிவேர் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, தகரக் கூரையின் கீழ் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். புல் முதலில் விடைபெறும். வெட்டிவேர் மறுநாளும் இருக்கும். மல்லிகை எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு அதன் அடிப்படை என்னவென்று ஓரளவு ஊகிக்கலாம்.

பிறகு பிடித்ததை மணிக்கட்டில் தடவி, நண்பகலில் அரைமணி நேரம் வெளியே நடந்து வாருங்கள். குளிரூட்டிய கடைக்குள் முகர்ந்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்து மணத்தையும் கழுவிச் செல்லும் அல்லவா? ஆகவே கழுத்தைவிட, தோலை ஒட்டாத பருத்தித் துணியின் ஓரமே மேல். எண்ணெய் கறைபடியும் என்பதால் உள்மடிப்பில் தடவுங்கள். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயை மட்டும் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும்.

அளவு? குளித்து உலர்ந்தபின் ஊசிமுனை தொட்ட அளவு போதும். சற்று நேரத்தில் உங்கள் மூக்குக்கு அது தெரியாமல் போகும். மூக்கு பழகிவிட்டது, மணம் போகவில்லை. போய்விட்டதா என்று அறிய, அப்போதுதான் வெளியிலிருந்து வந்த ஒருவரைக் கேளுங்கள்.