கோடிட்ட இடத்தில் இரண்டும் சரிதான்

‘ஷீ ஸ்டாப்ட் ____ (டாக்) டு ஹர் நெய்பர்.’ கோடிட்ட இடத்தை நிரப்புக. ஆங்கில இலக்கணப் பயிற்சிகளில் அடிக்கடி வருகிற ரகம் இது. விடைப் பட்டியலில் ‘டாக்கிங்’ என்று இருக்கும். ‘டு டாக்’ என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை எழுதியதும் சரியான ஆங்கிலம்தான். ‘டாக்கிங்’ என்றால் அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ‘டு டாக்’ என்றால் போய்க்கொண்டிருந்தவள் பேசுவதற்காக நின்றாள். அவள் பேசினாளா இல்லையா என்பதைச் சொல்லாமல் விடையை மட்டும் கேட்டால் பிள்ளை என்ன செய்யும்?

‘என்ஜாய்’ என்றால் பின்னால் ‘இங்’தான், ‘டிசைட்’ என்றால் ‘டு’தான். அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஸ்டாப், ரிமெம்பர், ட்ரை, ரிக்ரெட் ஆகிய நான்கும் அப்படியல்ல. இரண்டு வடிவத்தையும் ஏற்கும், பொருள்தான் மாறும். ஜெரண்டா இன்ஃபினிடிவா என்பதை இங்கே வினைச்சொல்லைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சொல்ல வந்த சேதியைத்தான் பார்க்க வேண்டும்.

ரிமெம்பரில் இது தெளிவாகத் தெரியும். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால் கதவைப் பூட்டியாயிற்று, பூட்டியது இப்போது ஞாபகத்தில் இருக்கிறது. ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’ என்றால் இனிமேல்தான் பூட்ட வேண்டும், மறந்துவிடாதே. முன்னதில் செயல் முந்தியது, நினைவு பிந்தியது. பின்னதில் நினைவு முந்தியது. ரிக்ரெட்டும் இதே வழிதான். ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’ என்பவர் சொல்லிவிட்டு வருந்துகிறார். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கும் அலுவலகக் கடிதம், கெட்ட செய்தியை இனிமேல்தான் சொல்லப் போகிறது. ரிக்ரெட்டுக்குப் பின் ‘டு’ வருவது பெரும்பாலும் சே, டெல், இன்ஃபார்ம் போன்ற சொற்களோடுதான்.

ட்ரை மட்டும் இந்த முன்பின் கணக்கில் அடங்காது. ‘ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ’ என்றால் திறக்கப் பாடுபட்டேன், திறக்காமலும் போயிருக்கலாம். ‘ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ’ என்றால் ஜன்னலைத் திறந்தே பார்த்தேன், அப்போதும் புழுக்கம் குறையவில்லை. பேச்சு வழக்கில் இந்த எல்லை அவ்வளவு கறாராக இருப்பதில்லை. அதனால் தனி வாக்கியத்தில் ட்ரையை வைத்துக் கேள்வி கேட்பது இன்னும் ஆபத்து.

ஒரு கேள்வி சரியானதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரண்டு விடைகளையும் போட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டும் பொருள் தந்தால் குறை கேள்வியில் இருக்கிறது. திருத்துவதும் சுலபம். ‘தே ஹாட் அ குவாரல், சோ’ என்று முன்னால் சேர்த்தால் ‘டாக்கிங்’தான் பொருந்தும். ‘ஆன் ஹர் வே டு த மார்க்கெட்’ என்று சேர்த்தால் ‘டு டாக்’ இயல்பாக வந்து உட்காரும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, அந்த அரை வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத கேள்விக்கு இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.