ஒரு டேபிள், நாலு அடுப்பு

நகரத்து மல்டி குசின் உணவகத்தில் ஒரு குடும்பம் கேட்கும் சாப்பாடு ஒரே அடுப்பில் வேகாது. தந்தூரிக்கு ஒரு மாஸ்டர், தோசைக்கல்லுக்கு ஒருவர், சைனீஸுக்கு ஒருவர், கிரேவிக்கு ஒருவர். அவரவர் பங்கு மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். ஞாயிறு இரவு எல்லா டேபிளும் நிரம்பிய நேரத்தில் அப்பாவின் நான் ஆறிக்கொண்டிருக்க, பிள்ளையின் தோசை இன்னும் வரவில்லை என்றால் சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த டேபிளை முழுதாகப் பார்த்து நடத்த ஆள் இல்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

அந்த ஆள் நிற்க வேண்டிய இடம், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள பிக்கப் கவுண்டர். சமையலறையைத் தனித்தனிப் பிரிவுகளாக ஒழுங்குபடுத்தியவர் என்று பெயர் பெற்ற பிரெஞ்சு சமையல் நிபுணர் எஸ்கோஃபியே காலத்திலேயே, ஆர்டரை உரக்கப் படிப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தார். அவருக்கு ‘அபோயர்’ என்று பெயர். நம் ஊர் கேட்டரிங் மாணவர்களும் இந்தப் பெயரைப் படிக்கிறார்கள்.

கேப்டன் எழுதும் கேஓடி சீட்டில் டேபிள் எண், எத்தனை பேர், நேரம், அயிட்டம், எண்ணிக்கை, ‘வெங்காயம் வேண்டாம்’ போன்ற குறிப்பு எல்லாம் இருக்கும். உதாரணமாக, 8.30க்கு ஏழாம் டேபிள் சீட்டு வருகிறது: தந்தூரி சிக்கன் ஹாஃப், சிக்கன் ஃப்ரைடு ரைஸ், பட்டர் நான் இரண்டு, பன்னீர் பட்டர் மசாலா, நெய் ரோஸ்ட். புதிதாக வந்தவர் ஐந்தையும் ஒரே மூச்சில் கத்திவிடுவார். அனுபவசாலி முழுச் சீட்டையும் ஒருமுறை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, தந்தூரியை மட்டும் உடனே போடச் சொல்வார். பச்சையாக ஊறிய கோழி வேக ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், டேபிளின் நேரத்தை முடிவு செய்வது அதுதான். 8.37க்குக் கிரேவி. 8.40க்கு ரைஸ். ரோஸ்ட்டுக்கு 8.41. நானுக்கு இரண்டு நிமிடம் போதும் என்பதால் 8.43. தட்டில் காத்திருந்தால் ரோஸ்ட் மொறுமொறுப்பை இழந்துவிடும், நான் விறைத்துப்போகும். கிரேவி மூடி வைத்தால் தாங்கும். எது தாங்கும், எது தாங்காது என்று கணக்குப் போடுவதே இந்த வேலையின் பாதி.

மறுபாதி, பதில் வாங்குவது. “ஏழாம் டேபிள், நெய் ரோஸ்ட் ஒண்ணு” என்றால் தோசை மாஸ்டர் “சரிண்ணே” என்று மட்டும் சொல்லக் கூடாது. “நெய் ரோஸ்ட் ஒண்ணு, ஏழு” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும் வாணலியும் போடும் சத்தத்தில் “சரி” எதற்கும் பொருந்திவிடும். எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் தவறு அந்த நொடியிலேயே தெரியும்.

நம் ஊர் மெனுவில் எனக்கு மிகவும் கவலை தருவது ‘65’. சிக்கன், பன்னீர், கோபி, காளான் எல்லாவற்றிலும் 65 உண்டு. எல்லாமே சிவந்த மாவுப் பூச்சில் ஒன்றுபோலத் தெரியும். காதில் ‘65’ மட்டும் விழுந்து சைவக் குடும்பத்துக்குச் சிக்கன் போய்விட்டால், அதை மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது. அதனால் “கோபி, கோபி 65, சைவம்” என்று அழுத்திச் சொல்வதும், கவுண்டரில் சைவத் தட்டுக்குத் தனி இடம் ஒதுக்குவதும் அவசியம்.

சீட்டில் கோடு போடும் நேரமும் முக்கியம். சமைத்ததும் அடித்துவிட்டால், கவுண்டரில் இருக்கும் தட்டை வேறு டேபிள் சர்வர் தூக்கிப் போனாலும் யாருக்கும் தெரியாது. கணக்கில் அது போய்ச் சேர்ந்ததாகவே இருக்கும். தட்டு கவுண்டரை விட்டுக் கிளம்பும்போதுதான், “ஏழாம் டேபிள்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடிக்க வேண்டும். சர்வர் நேராக உள்ளே போய் “மாஸ்டர், என் நான் எங்கே?” என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். மாஸ்டர் அதைப் புது ஆர்டராக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு போட்டுவிடுவார். அந்த இரண்டுக்காக வேறொரு டேபிள் காத்திருக்கும்.

இப்போது பல இடங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி பிரிண்டர் வந்துவிட்டது. கையெழுத்துக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் தோசைக்கல்லுக்குத் தோசை மட்டும், தந்தூருக்கு நான் மட்டும் அச்சாகிறது. கோழி கருகி மறுபடி போட்டால், தோசை மாஸ்டருக்கு அதைச் சீட்டு சொல்லாது. “ஏழாம் டேபிள் ரோஸ்ட்டை நிறுத்து, பத்து நிமிஷம்” என்று கவுண்டரிலிருந்து ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

கல்லுக்கும் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் நான்கு தோசை மட்டுமே கொள்ளும் கல்லுக்கு, மூன்று சீட்டுகளில் மொத்தம் ஒன்பது தோசை வந்தால், சீட்டு வாரியாக ஒன்பதையும் கத்துவதால் பயனில்லை. “மொத்தம் ஒன்பது, முதலில் நாலு” என்று சொல்லிவிட்டு, அந்த நாலும் எந்த டேபிளுக்கு என்பதையும் அவரே முடிவு செய்வார். பிறகு கேப்டனைக் கூப்பிட்டு, அடுத்து தோசை கேட்பவர்களிடம் 20 நிமிடம் ஆகும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லச் சொல்வார்.